உஷார்! அந்த மெல்லிய கோட்டில் கை வைக்காதீர்கள்

வீட்டில் பெண் குழந்தை இருக்கிறதா? இரண்டு வயதுக்குள்தானா? அப்படியானால் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து உட்காருங்கள். அடுத்த டயப்பரை மாற்றுவதற்குள் இதைப் படித்தாக வேண்டும்.

திருச்சியில் குழந்தைகள் வார்டில் 28 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். இப்போது ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். வேலையை விட்டாலும் வாசல் மணி விடுவதில்லை. "மாமி, குழந்தைக்கு என்னமோ மாதிரி இருக்கு, கொஞ்சம் பாருங்கோ" என்று யாராவது வருவார்கள். சளி, பேதி, சொறி எல்லாம் சகஜம். ஆனால் போன வருஷம் ஒரு பெண் வந்து நின்ற கோலத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

சித்திரை வீதிப் பக்கம் குடியிருக்கும் பெண். பெயர் வேண்டாம். முதல் குழந்தை, பெண். இரவு ஒன்பதரை மணி. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறாள். "மாமி, மத்தியானம் ஒரு மணிக்கு ஒண்ணுக்குப் போனது. இன்னும் போகலை. வர்ற மாதிரி இருக்கும், உடனே அலறி அடக்கிக்கறது."

எட்டரை மணி நேரம்! பதிமூன்று மாதக் குழந்தை!

டயப்பரைத் திறந்து பார்த்தேன். புரிந்துவிட்டது. யாரோ கையை வைத்திருக்கிறார்கள்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. ஊரே கோயிலில். இவர்களும் குழந்தையோடு பரமபத வாசலுக்கு வரிசையில் நின்றிருக்கிறார்கள். விடியற்காலையில் போட்ட டயப்பர், வீடு திரும்பக் காலை பத்தாகிவிட்டது. நடுவில் குழந்தை ஆய் போயிருக்கிறது. கூட்ட வாசனையிலும் கற்பூரப் புகையிலும் யாருக்கும் தெரியவில்லை. வந்து கழற்றினால் தொடையிடுக்கெல்லாம் செக்கச்செவேல். பாட்டிக்கு மனசு பதறியது. சோப்பு போட்டு, விரலால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்துக் கழுவி, மேலே பவுடரைக் கொட்டியிருக்கிறார். அடுத்த பத்து நாளும் அதே வைத்தியம். அக்கறையில் குறையே இல்லை. அந்த அக்கறைதான் அதிகமாகிவிட்டது.

மாசி மாதம் ஒருநாள் அம்மாக்காரி துடைக்கும்போது பார்க்கிறாள். முன்பு பிரிந்து இருந்த இடம் இப்போது மூடியிருக்கிறது. நடுவில் மெல்லிசாக ஒரு சாம்பல் நிறக் கோடு. பாலில் ஆடை படிந்த மாதிரி.

வழியே இல்லையே!

அவள் மனசு எங்கெங்கோ ஓடிவிட்டது. பிறவிக் குறையோ? நாளைக்குப் பெரியவளாகி, கல்யாணம் ஆகி... இதையெல்லாம் மாமியாரிடம் சொல்லவும் கூச்சம். கணவனிடம் சொல்லவும் தயக்கம். ஒரு வாரம் தனியாக அழுதிருக்கிறாள். பிறகு ஒரு இடத்தில் காட்டினாள். எந்த இடம் என்று கேட்காதீர்கள். அங்கே "ஒண்ணுமில்லம்மா, லேசா ஒட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே, மரத்துப்போக மருந்துகூடத் தடவாமல், இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பிரித்துவிட்டார்கள். குழந்தை வீறிட்டது. இரண்டு சொட்டு ரத்தம். "தேங்காய் எண்ணெய் தடவு, சரியாயிடும்."

அன்று மத்தியானத்துக்கு மேல்தான் குழந்தை மூத்திரத்தை அடக்க ஆரம்பித்தது. பச்சைப் புண்ணில் மூத்திரம் பட்டால் எரியாதா? ஒருமுறை எரிந்ததும் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது: போனால் வலிக்கும், போகாதே.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, இடுப்பளவு முங்குகிற மாதிரி குழந்தையை உட்கார வைத்தேன். ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீரை ஆற்றிச் சத்தம் காட்டினேன். ஐந்தாறு நிமிஷத்தில் அந்தத் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. தண்ணீருக்குள் போகும்போது மூத்திரம் கரைந்துவிடுவதால் எரிச்சல் குறையும். அம்மாக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அரை மணி பார்ப்போம், போகாவிட்டால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது அவளுக்குத் தெரியாது.

இதோடு முடிந்ததா? இல்லை. மூன்றே வாரம். மறுபடி ஒட்டிக்கொண்டது. இந்த முறை முன்னைவிடத் தடிமனாக!

ஏன் அப்படி? இது தெரிந்தால்தான் உங்கள் கை நிற்கும்.

பெண் குழந்தை பிறக்கும்போது அம்மாவின் உடம்பிலிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதன் உடம்பில் இருக்கும். அதனால் அந்த இடம் சற்று உப்பலாக, ஈரப்பசையோடு இருக்கும். முதல் வாரத்தில் வெள்ளையாகக் கொழகொழவென்று கசியும். சில குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு சொட்டு ரத்தம்கூடத் தெரியும். பயப்படாதீர்கள். அம்மாவின் ஹார்மோன் இறங்குவதன் அடையாளம் அது. சில வாரங்களில் அந்த ஹார்மோன் முழுக்க வடிந்துவிடும். அதற்கப்புறம் உள் உதடுகளின் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகிவிடும். இனி குழந்தை பெரியவளாகும் வயது நெருங்கும் வரை அந்தத் தோல் அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சருகுத் தோலில் மூத்திரமும் மலமும் மணிக்கணக்கில் ஊறினால் புண்ணாகும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் புண்ணாகும். இடது பக்கமும் புண், வலது பக்கமும் புண், இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. தீக்காயம் பட்ட இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டி வைத்தால் என்ன ஆகும்? ஆறும்போது சேர்ந்தே ஆறிவிடும். அதேதான் இங்கேயும். பெரும்பாலும் பின்பக்கம், அதாவது ஆசனவாய்ப் பக்கமிருந்து ஒட்ட ஆரம்பித்து, ஜிப் மாதிரி முன்னோக்கி மூடிக்கொண்டு வரும்.

இப்போது சொல்லுங்கள். கையால் பிய்த்துப் பிரித்தால் என்ன நடக்கும்? இரண்டு பக்கமும் புதுப் புண். ஹார்மோன் நிலைமை அப்படியே இருக்கிறது. மறுபடி ஒட்டாமல் வேறு என்ன செய்யும்?

பிய்த்தால் மறுபடி ஒட்டும். வலியும் மிச்சம், தழும்பும் மிச்சம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது அபூர்வ வியாதி இல்லை. ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் இருக்கும் பெண் குழந்தைகளில் 100-க்கு 2, 3 பேருக்கு இருக்கலாம் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. எத்தனையோ வீடுகளில் யாரும் கவனிக்காமலே வந்து, கவனிக்காமலே போயிருக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் வருவது மிகவும் குறைவு. பிறந்த அன்றே மூடியிருந்தால் அது இது இல்லை, வேறு ஏதோ. அதை உடனே குழந்தை டாக்டரிடம் காட்ட வேண்டும். "பிறந்தப்போ நல்லா இருந்ததா, இல்லையா?" என்று டாக்டர் முதல் கேள்வியே கேட்பார். பாதி அம்மாக்கள் முழிப்பார்கள். குழந்தை நன்றாக இருக்கும் நாளில், வெளிச்சத்தில் ஒருமுறை நிதானமாகப் பார்த்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் போலத்தான், காதைப் போலத்தான் அதுவும் ஓர் உறுப்பு. பெற்றவளுக்கு என்ன கூச்சம்!

சரி, கழுவும் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம் வீடுகளில் நடக்கும் தப்புகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதல் தப்பு, குழந்தையைப் பிடிக்கும் விதம். ஆய் போன குழந்தையை நாம் எப்படிக் கழுவுகிறோம்? ஒரு கையில் குப்புறப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் சொம்பால் தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீர் எங்கே போகும்? மலத்தைக் கரைத்துக்கொண்டு நேராக முன்பக்கம் இறங்கும். பையனுக்குப் பரவாயில்லை. பெண் குழந்தைக்கு மூத்திரம் வரும் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு? உங்கள் கட்டைவிரல் அகலம் இருந்தால் அதிகம். மூத்திரக் குழாயும் குட்டை. மலத்தில் இருக்கும் கிருமி ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

குப்புறப் போட்டுக் கழுவாதீர்கள்! மல்லாக்கப் பிடியுங்கள். குழந்தையின் தலை உங்கள் முழங்கை மடிப்பில் இருக்கட்டும், முதுகு உங்கள் முன்கையில் சாய்ந்திருக்கட்டும். தண்ணீரைத் தொப்புளுக்குக் கீழே ஊற்றுங்கள். அது முன்னாலிருந்து பின்னால் ஓடட்டும். ஊற்றும் திசையும் துடைக்கும் திசையும் எப்போதும் அதுதான். முன்னிருந்து பின். ஒருதரம்கூடத் திருப்பிக் கொண்டு வரக் கூடாது.

துணியிலோ பாயிலோ படுக்க வைத்துத் துடைப்பதானால் இன்னும் சுலபம். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், ஐந்தாறு பஞ்சு உருண்டை. கையைக் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டு கணுக்காலையும் ஒரு கையில் சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் உங்கள் ஒரு விரல் இருக்கட்டும், இல்லாவிட்டால் எலும்போடு எலும்பு உரசும். டயப்பரின் சுத்தமான முன்விளிம்பாலேயே மலத்தை வழித்துப் பின்பக்கம் மடித்துவிடுங்கள். நனைத்த பஞ்சால் ஒரு தொடையிடுக்கு. அதைப் போட்டுவிட்டு, வேறு பஞ்சால் அடுத்த தொடையிடுக்கு. இன்னொரு பஞ்சால் நடுவில், மேலிருந்து கீழே ஒரே ஒரு இழுப்பு. உதடுகளுக்கு நடுவில் மலம் புகுந்திருந்தால் மட்டும், வெளிப்பக்கத்தில் இரண்டு விரலை வைத்து லேசாக விலக்கி, கண்ணுக்குத் தெரிகிற மலத்தை மட்டும் எடுங்கள். பின்பக்கம் கடைசி. ஆசனவாயைத் தொட்ட பஞ்சு திரும்ப மேலே வரவே கூடாது.

அவ்வளவுதான். உள்ளே விரல் வேண்டாம். பட்ஸ் வேண்டாம். எண்ணெய் விடுவதும் வேண்டாம்.

மடிப்பில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருக்கும். பிறந்த குழந்தைக்கு அது பெரும்பாலும் இருக்கும். குளிப்பாட்ட வரும் ஆயாக்கள் "அழுக்கு அடைஞ்சு கிடக்கு பாரு" என்று அதைத்தான் சுரண்டிச் சுரண்டி எடுப்பார்கள். அது அழுக்கே இல்லை. தோல் தனக்குத் தானே தடவிக்கொண்ட பூச்சு. விட்டுவிடுங்கள், தானே கழன்று போகும்.

பயத்தமாவு? காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது கைக்கு, காலுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரவில்லை. இடுப்புக்குக் கீழே வேண்டாம். எவ்வளவு சலித்தாலும் குருணை இருக்கும். அது மடிப்பில் தங்கி அரத்தைப் போல உரசும். சோப்பு, கிருமிநாசினித் தண்ணீர், வாசனை போட்ட ஈரத் துடைப்பான், எதுவும் அந்த இடத்துக்கு ஆகாது. தண்ணீர் போதும். பவுடர் மூத்திரத்தில் நனைந்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகும். அது போதாதென்று குழந்தை மூச்சிலும் போகும். அந்த டப்பாவை எடுத்து உயரமாக வைத்துவிடுங்கள்.

துடைத்த பிறகு ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். இதற்குத் தாத்தாவின் பழைய எட்டு முழ வேஷ்டியை மிஞ்சிய துணி கிடையாது. சோப்பு போகிற வரை நன்றாக அலசி, வெயிலில் காய்ந்ததாக இருக்கட்டும். பிறகு பத்து நிமிஷம் குழந்தையைச் சும்மா விடுங்கள். நம் திருச்சி வெயிலுக்கு டயப்பருக்குள் இருப்பது ஆவியில் வேகும் கொழுக்கட்டை மாதிரிதான். பகலில் வீட்டில் இருக்கும்போது டயப்பர் எதற்கு? ரப்பர் ஷீட்டும் பருத்தித் துணியும் போதாதா? வெளியே போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் மாற்றுங்கள். ஆய் போனால் அந்த நிமிஷமே. "பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்" என்று பாக்கெட்டில் போட்டிருக்கலாம். தாங்குவது டயப்பர். குழந்தையின் தோல் தாங்காது.

இனி, ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எப்போது பதறணும், எப்போது பதறக் கூடாது?

குழந்தை தடையில்லாமல் ஒண்ணுக்குப் போகிறது, அழவில்லை, காய்ச்சல் இல்லை. அப்படியானால் அவசரமே இல்லை. குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டி, இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் பெரும்பாலும் "விட்டுடுங்க, தானா பிரியும்" என்பார். மருந்து எழுதவில்லையே என்று குறைப்படாதீர்கள், அதுதான் சரியான வைத்தியம். நிறைய குழந்தைகளுக்கு ஒரு வருஷம் போலத் தானே பிரிந்துவிடும். மிச்சப் பேருக்கு, பெரியவளாகும் வயது நெருங்கி உடம்பே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும்போது விட்டுவிடும். கல்யாணம், பிள்ளைப்பேறு எதற்கும் இதனால் கேடில்லை. இந்த ஒரு வரியை அந்தப் பெண்ணிடம் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வாரக் கண்ணீர் மிச்சம்.

ஆனால் உஷார்! இவற்றைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள்.

ஒண்ணுக்குப் போய் எழுந்து நின்ற பிறகும் ஜட்டி நனைந்துகொண்டே இருக்கிறதா? ஒட்டின தோலுக்குப் பின்னால் மூத்திரம் குளம் கட்டி, பிறகு சொட்டுகிறது. அந்தத் தேக்கத்தில் கிருமி வளரும்.

மூத்திரம் நேராக வராமல் மேல் நோக்கிப் பீய்ச்சுகிறதா? நூல் மாதிரி வருகிறதா? முக்கி முக்கிப் போகிறதா? திறப்பு ஊசித் துளை அளவுக்குச் சுருங்கியிருக்கலாம்.

சளி இல்லை, இருமல் இல்லை, ஆனால் காய்ச்சல் மட்டும் வருகிறதா? பால் குடிக்காமல் வாந்தி எடுக்கிறதா? மூத்திரம் நாறுகிறதா? போகும்போது அழுகிறதா? மூத்திரத் தொற்றாக இருக்கலாம். பெண் குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால், மூத்திரப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். மூத்திரம் பிடிக்கும்போது "இங்கே ஒட்டியிருக்கு" என்று சொல்லுங்கள். தேங்கின மூத்திரம் கலந்தால் முடிவு தப்பாக வரும். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே கூடாது. ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

எட்டு மணி நேரம் மூத்திரமே போகவில்லையா, அடிவயிறு கல் மாதிரி இருக்கிறதா? வெதுவெதுப்பான தண்ணீர் டப்பில் ஒருமுறை முயன்று பாருங்கள். வரவில்லை என்றால் அப்புறம் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. வண்டி இல்லாவிட்டால் 108 இருக்கிறது. சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104.

அந்த இடத்தில் இன்னும் சிலதும் தெரியலாம், ஆனால் அவை ஒட்டல் இல்லை. தொடையிடுக்கில் கட்டியாகப் புடைப்பு. சுற்றிலும் தோல் வெள்ளை வெளேரென்று காகிதம் போலச் சுருங்கி, குழந்தை ஓயாமல் சொறிவது. பிறந்த முதல் வாரங்கள் தாண்டியும் ரத்தம் அல்லது நாற்றமான கசிவு. மடிப்பின் ஆழத்தில் சிவந்து, சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கடைசியில் சொன்னது பூஞ்சை, அதற்குத் தனி மருந்து. மற்றவற்றையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் காட்டி வாங்கும் விஷயம் இல்லை.

நம் சித்திரை வீதிக் குழந்தைக்கு வருகிறேன். இரண்டாம் முறை ஒட்டியபோது, சொட்டுச் சொட்டாகக் கசிவும் இருந்தது. தில்லைநகரில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் குழந்தையை அம்மாவின் மடியிலேயே உட்கார வைத்து, தவளை மாதிரிக் காலை மடக்கச் சொல்லி, தொடாமலே இரண்டு நிமிஷம் பார்த்தார். அம்மாவையும் குனிந்து பார்க்கச் சொன்னார். "இந்தக் கோடு தெரியுதா? இது ஒட்டின இடம். இதுக்குப் பின்னால எல்லாம் சரியா இருக்கு." மூத்திரம் பரிசோதித்ததில் கிருமி இல்லை. கசிவு இருந்ததால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதினார். சிலருக்கு இதற்குப் பதிலாக ஸ்டீராய்டு களிம்பும் எழுதுவார்கள்.

அந்தக் களிம்பைத் தடவுவதில்தான் இன்னொரு ஆபத்து. உஷாராகக் கேளுங்கள்! அது சந்தனக் காப்பு இல்லை, அப்பிவிட. விரல் நுனியில் மிளகளவு எடுத்து, அந்தக் கோட்டின் மேல் மட்டும், ராத்திரி ஒரு வேளை, நான்கு வாரம். தடவும்போது லேசான அழுத்தம் போதும், இழுக்கக் கூடாது. இவள் ஆர்வத்தில் மூன்றாவது வாரம் காலையிலும் ஒரு வேளை சேர்த்துவிட்டாள். என்ன ஆனது? குழந்தையின் மார்பில் பட்டாணி மாதிரி ஒரு வீக்கம். தடவின இடமும் கறுத்துவிட்டது. மறுபடி செருப்பில்லாமல் என் வாசலில்! ஹார்மோன் இல்லையா அது? தோல் வழியாக உடம்பில் ஏறும். டாக்டரம்மா களிம்பை நிறுத்தச் சொன்னார். நல்லவேளை, அதற்குள் கோடு விட்டுவிட்டது. வீக்கம் சில வாரங்களில் தானே வடிந்தது, கறுப்பும் மறைந்தது. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். அதற்கு மேல் ஒரு பொட்டுகூட வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிய டியூபை வாங்கித் தடவுகிற வேலையும் வேண்டாம்.

பிரிந்ததும் வேலை முடியவில்லை. புதுத் தோல் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். நடுவில் தடுப்புச் சுவர் வேண்டும். வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் மெல்லிசாகத் தடவி வர வேண்டும். எத்தனை நாள்? மாதக்கணக்கில். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அறுவை சிகிச்சை என்று யாராவது ஆரம்பித்தால் நின்று கேளுங்கள்: மூத்திரம் அடைத்திருக்கிறதா? களிம்பு போட்டுப் பார்த்தாயிற்றா? மயக்க மருந்து கொடுத்துப் பிரிப்பது, இதெல்லாம் தோற்றும் தொந்தரவு தீராத குழந்தைக்கோ, மூத்திரம் அடைபட்டிருக்கும் குழந்தைக்கோதான். இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதில் தப்பே இல்லை.

அந்தப் பாட்டி என்மேல் கொஞ்ச நாள் மனத்தாங்கலாக இருந்தார். "நாங்கள்லாம் எட்டுக் குழந்தையை வளர்க்கலையா?" என்றார். வளர்த்தீர்கள். துணி கட்டி வளர்த்தீர்கள், நனைந்த நிமிஷமே மாற்றினீர்கள், வரிசையில் ஏழு மணி நேரம் டயப்பரோடு நிற்க வைக்கவில்லை. அதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. இப்போது குழந்தையை மல்லாக்கப் பிடித்துச் சொம்பால் முன்னாலிருந்து தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். மருமகள் தப்பாகப் பிடித்தால் அதட்டுவதும் அவர்தான்.

போன வாரம் ராத்திரி போன் வந்தது.

"மாமி, திரும்ப ஒட்டற மாதிரி இருக்கு."

"எவ்வளவு?"

"அடியில, ஒரு அரிசி நீளம்."

"ஒண்ணுக்கு?"

"நல்லாப் போறா. காய்ச்சல் இல்லை."

"ஜெல்லி தடவறியா?"

சத்தமில்லை.

"கும்பகோணம் போயிருந்தோம் மாமி. டப்பாவை எடுத்துண்டு போகலை. ஆறு நாள்."

"கையை வைக்கலையே?"

"சத்தியமா இல்லை."

"சரி. இன்னிக்கு ராத்திரியே ஆரம்பி. காலைல வெளிச்சத்துல கொண்டு வா, நானும் பார்க்கறேன்."